அதே கம்பெனி, அதே மாடல் ராம் சேர்த்த பிறகு ப்ளூ ஸ்கிரீன். சேமித்த கோப்புகளும் கெடுகின்றன

திருப்பூர்_செபரேஷன்

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட்டுகளுக்குக் கலர் செபரேஷன் செய்து கொடுக்கிறேன். சிஸ்டம் ரைசன் 5 3600, பி450 போர்டு, நான்கு ராம் ஸ்லாட். 2020-இல் 8 + 8 ஜிபி டிடிஆர்4 கிட் போட்டேன். 3200 வேகம், CL16. இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

இப்போது வரும் ஆர்டர்களில் பாதி, துணி முழுக்க ஓடும் டிசைன். ஒரு கோப்பே இரண்டு, மூன்று ஜிபி ஆகிறது. 16 ஜிபி போதவில்லை என்று அதே கம்பெனியின் அதே மாடல் 8 + 8 கிட் இன்னொன்று வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டுகளில் போட்டேன். பயாஸில் 32 ஜிபி சரியாகக் காட்டுகிறது. XMP ஆன், 3200-லேயே ஓடுகிறது.

அதிலிருந்துதான் வினை. மெயில், பிரவுசர், பில் போடுவது எல்லாம் சுத்தமாக ஓடும். பெரிய கோப்பைச் சேமித்து மறுபடி திறந்தால் நடுவில் மெல்லிய பட்டையாகக் கலர் சிதறி நிற்கிறது. பார்ட்டிக்கு அனுப்பிய ஜிப் கோப்பு அவர்களிடம் CRC பிழை காட்டுகிறது. ப்ளூ ஸ்கிரீனும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில்: MEMORY_MANAGEMENT, IRQL_NOT_LESS_OR_EQUAL, PAGE_FAULT_IN_NONPAGED_AREA. கடையில் புதிய கிட்டை அவர்கள் மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாடல் எண் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எங்கே பார்ப்பது?

பெருந்துறை_பவர்

ராம் மேல் பழி போடாதீர்கள். 3200-ம் CL16-ம் இரண்டிலும் ஒன்றே என்றால் அவை பொருந்தித்தான் ஆக வேண்டும். ஐந்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ். நம் பக்கம் வோல்டேஜ் ஏறி இறங்குவது தெரிந்ததே. பெரிய கோப்பு சேமிக்கும்போது லோடு ஏறுகிறது, 12 வோல்ட் லைன் தடுமாறுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள். கூடவே XMP-யை ஆஃப் செய்து ஒரு நாள் ஓட்டுங்கள்.

காந்திபுரம்_பெஞ்ச்

எஸ்எம்பிஎஸ் என்றால் மிஷின் சட்டென்று அணையும், அல்லது ரீஸ்டார்ட் ஆகும். இங்கே மிஷின் ஓடிக்கொண்டே கோப்பைக் கெடுக்கிறது. ப்ளூ ஸ்கிரீன் பெயர் தடவைக்குத் தடவை மாறுவதும் ராம் பக்கம்தான் கை காட்டுகிறது. ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயரும் ஒரே கோப்பும் திரும்பத் திரும்ப வரும். XMP-யை ஆஃப் செய்யச் சொன்னது நல்ல யோசனை, அதை வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்று. இந்த நிலையில் விண்டோஸுக்குள் எந்தச் சோதனையும் ஓட்ட வேண்டாம். ராம் தப்பாக எழுதினால் அது வட்டுக்கும் போகும், விண்டோஸே கெடும். Memtest86+ ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யுங்கள். இந்த வரிசையில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்:

பழைய கிட் மட்டும், XMP ஆன். அப்புறம் புதிய கிட் மட்டும், XMP ஆன். இரண்டையும் சிபியூவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் (A2, B2) போட்டே பாருங்கள். அடுத்து நான்கும் சேர்த்து, XMP ஆன். கடைசியாக நான்கும் சேர்த்து, XMP ஆஃப்.

பிழை வந்தால் திரையில் முகவரி காட்டும். அதை வைத்து எந்த ஸ்டிக் என்று சொல்ல முடியாது. டூயல் சேனலில் முகவரிகள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகும். பிழை வந்ததா இல்லையா என்பது மட்டும் போதும்.

XMP ஆஃப் செய்து விண்டோஸுக்குள் போன பிறகு, பவர்ஷெல்லில் இதை ஓட்டி வருவதை இங்கே போடுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory |
  Format-Table DeviceLocator, PartNumber, ConfiguredClockSpeed, ConfiguredVoltage
```

ஸ்டிக்கரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மாடல் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் வெர்ஷன் என்று ஒன்று இருக்கும். அது இரண்டு கிட்டிலும் ஒன்றா?

கோபி_டீச்சர்

இதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. என் லேப்டாப்பில் போர்டிலேயே ஒட்டிய 4 ஜிபி, அதற்கு மேல் நான் போட்ட 8 ஜிபி, வேறு கம்பெனி. இரண்டு வருடமாக ஓடுகிறது. கழற்றிவிட வேண்டுமா? என் கோப்புகளும் கெட்டிருக்குமா?

பொள்ளாச்சி_பைபாஸ்

எங்கள் தேங்காய் மண்டியில் ஒரு பழைய டிடிஆர்3 சிஸ்டம். 4 ஜிபி ஒன்று, 2 ஜிபி ஒன்று, பிறகு யாரோ கொடுத்த இன்னொரு 2 ஜிபி. மூன்றும் மூன்று கம்பெனி. காலையில் ஆன் செய்தால் இரவு வரை கணக்கு ஓடும். கிட் கிட் என்று விற்பதெல்லாம் வியாபாரத்துக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காந்திபுரம்_பெஞ்ச்

டீச்சர், கழற்ற வேண்டாம். உங்கள் இரண்டு ஸ்டிக்கும் அளவில் வேறு. அதனால் வேகம் கொஞ்சம் குறையுமே தவிர, நிலைகுலைய அது காரணமில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் XMP கிடையாது. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் ஒரு சின்ன சிப்பில் அதன் நேரக் கணக்குகள் எழுதியிருக்கும். பூட் ஆகும்போது பயாஸ் எல்லாவற்றையும் படித்து, இருப்பதிலேயே மெதுவானதற்கு ஏற்ப எல்லோரையும் ஓட்டும். பொள்ளாச்சி நண்பர் மண்டியில் மூன்று கம்பெனியும் ஒற்றுமையாக ஓடுவது இதனால்தான்.

XMP அப்படி அல்ல. கம்பெனி அந்தக் கிட்டில் இருக்கும் ஸ்டிக்குகளை மட்டும் வைத்து, 1.35 வோல்ட்டில் இந்த வேகம் ஓடும் என்று பார்த்து எழுதிய கணக்கு அது. இன்னொரு கிட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பொறுப்பு எடுப்பதில்லை. இரண்டும் ஒரே மாடலாக இருந்தாலும் அப்படித்தான்.

திருப்பூர்_செபரேஷன்

எல்லாம் பார்த்துவிட்டேன்ங்கண்ணா.

பழையது மட்டும், XMP: பிழை இல்லை. புதியது மட்டும், XMP: பிழை இல்லை. நான்கும் XMP-யில்: முதல் பாஸ் முடிவதற்குள்ளேயே சிவப்பு வரிகள். மறுபடி ஓட்டினேன், அப்போது தாமதமாக, வேறு முகவரியில் வந்தது. நான்கும் XMP ஆஃப்: இரவு முழுக்க ஓடியது, ஒன்றுகூட இல்லை. பவர்ஷெல் நான்கிலும் ஒரே PartNumber, 2666, 1200 என்று காட்டுகிறது.

ஸ்டிக்கரில் வெர்ஷன் வேறு. பழையதில் 4-இல் தொடங்குகிறது, புதியதில் 8-இல். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஹீட் ஸ்பிரெடர் ஓரத்தில் டார்ச் அடித்தால் பழையதில் வரிசையாக எட்டு கருப்புச் சிப்புகள். புதியதில் நான்குதான் தெரிகின்றன, ஒவ்வொன்றும் அகலமாக இருக்கிறது. ஒரே மாடலில் இப்படி இருக்குமா? கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

காந்திபுரம்_பெஞ்ச்

ஏமாற்றவில்லை. மாடல் எண் சொல்வது அளவு, வேகம், CL, வோல்டேஜ், அவ்வளவுதான். உள்ளே எந்தச் சிப் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. ஐந்து வருடத்தில் சந்தையில் கிடைக்கும் சிப் மாறிவிட்டது, அதற்கேற்ப வெர்ஷன் எண்ணை மாற்றிவிட்டு அதே பெயரில் விற்கிறார்கள்.

உங்கள் பழையதில் 8 ஜிகாபிட் சிப் எட்டு. புதியதில் 16 ஜிகாபிட் சிப் நான்கு. இரண்டுமே 8 ஜிபிதான். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, உங்கள் கோப்பு கெடுவது பெரும்பாலும் அதனால்தான்.

ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை, 'நிரப்பிக்கொள்' என்று சிபியூ ஆணை அனுப்புகிறது. நிரப்பி முடிக்கும் வரை சிப் வேறு வேலைக்கு வராது. அந்தக் காத்திருப்புக்குப் பெயர் tRFC. சிப் பெரிதாக ஆக, ஒரே ஆணையில் நிரப்ப வேண்டியது கூடும். டிடிஆர்4 விதிப்படி 8 ஜிகாபிட் சிப்புக்கு 350 நானோ விநாடி, 16 ஜிகாபிட்டுக்கு 550.

3200-இல் உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். அப்படியானால் பழையதற்கு 560 கிளாக், புதியதற்கு 880. இப்போது XMP ஆன் செய்து ZenTimings திறந்து tRFC என்ன என்று பாருங்கள். பார்த்ததும் மூடிவிடுங்கள், வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

திருப்பூர்_செபரேஷன்

560 என்று காட்டுகிறது.

காந்திபுரம்_பெஞ்ச்

அதேதான். போர்டு பழைய ஸ்டிக்கின் XMP கணக்கை எடுத்து நான்குக்கும் போட்டிருக்கிறது. ஒரு சேனலில் இருக்கும் இரண்டு ஸ்டிக்குக்கும் tRFC ஒன்றுதான், ஆளுக்கொன்று வைக்க வழியில்லை. புதிய சிப் நிரப்பி முடிக்க 200 நானோ விநாடி பாக்கி இருக்கும்போதே அடுத்த ஆணை வந்து விழுகிறது.

அப்படியென்றால் ஏன் உடனே விழுவதில்லை என்று கேட்பீர்கள். 550 என்பது விதி கொடுக்கும் பாதுகாப்பான எல்லை. பெரும்பாலான சிப் அதற்கு முன்பே முடித்துவிடும். அதனால் நூறில் தொண்ணூற்றொன்பது தடவை தப்பித்துப் போகும். பிரவுசர் ஓட்டினால் தெரியாது. மூன்று ஜிபி கோப்பைச் சேமிக்கும்போது ராம் முழுவதும் இடைவிடாமல் புரளும், அப்போது அந்த ஒரு தடவை மாட்டும். பட்டையாகக் கலர் சிதறுவது அதுதான்.

சோமனூர்_தறி

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தார் மாற்றி முடிப்பதற்குள் தறியை ஓட்டிவிடுகிறார்கள். பழைய ஆள் சீக்கிரம் மாற்றுவான், புதிய ஆளுக்கு நேரம் வேண்டும், மணியோ பழைய ஆள் கணக்குக்கு அடிக்கிறது. சரி, XMP ஆஃப் செய்தால் மெதுவானதைத் தேடி எடுக்கத் தெரிந்த போர்டுக்கு, ஆன் செய்தால் மட்டும் ஏன் தெரியவில்லை?

காந்திபுரம்_பெஞ்ச்

நன்றாகச் சொன்னீர்கள். எல்லாப் போர்டும் இப்படி இல்லை. சில பயாஸ் XMP-யிலும் ஒப்பிட்டுப் பார்க்கும். சில பயாஸ் ஒரு ஸ்லாட்டில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் ஊகிக்காமல் ZenTimings-இல் பார்க்கச் சொன்னேன். CL, tRCD எல்லாம் ஒத்துப்போவதை வைத்து மற்றதும் ஒத்துப்போகும் என்று நினைக்கக் கூடாது. பெட்டியில் அச்சடிப்பது நான்கு எண். உள்ளே இருப்பது முப்பதுக்கும் மேல்.

பெருந்துறை_பவர்

சரி, tRFC விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பயாஸில் 880 என்று கையால் போட்டுவிட்டால் 3200-லேயே தீர்ந்தது அல்லவா? எதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்?

காந்திபுரம்_பெஞ்ச்

போட்டுப் பார்க்கட்டும். தீராமல் போகலாம், ஏனென்றால் இரண்டாவது பிரச்சனை ஒன்று இருக்கிறது. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் வேகம், இரண்டு ஸ்டிக்குக்கு 3200. நான்கு ஸ்டிக் போட்டால், ஒற்றை ரேங்க் என்றால் 2933, இரட்டை ரேங்க் என்றால் 2667. ஸ்டிக் கூடக் கூட அதே கம்பிகளில் சிக்னல் மங்கும். நான்கும் ஒரே ரகமாக இருந்தாலே இந்தக் கணக்கு. இங்கே இரண்டு ரகம். ஒன்றுக்குப் பிடித்த சிக்னல் அமைப்பு இன்னொன்றுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை.

ஈரோடு_ஓவர்கிளாக்

3200-ஐ விட வேண்டியதில்லை. SoC வோல்டேஜை 1.1 ஆக்குங்கள், கமாண்ட் ரேட் 2T, ராம் வோல்டேஜ் 1.38. என்னிடம் நான்கு ஸ்டிக் 3600-இல் ஓடுகின்றன.

காந்திபுரம்_பெஞ்ச்

உங்களுடையது ஒரே தடவையில் வாங்கிய நான்கு ஸ்டிக் கிட்டா?

ஈரோடு_ஓவர்கிளாக்

ஆமாம், நான்கும் ஒரே பெட்டி.

காந்திபுரம்_பெஞ்ச்

அதை ஒன்றாகவே சோதித்து விற்றிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட முடியாது. நீங்கள் சொன்ன எண்கள் தப்பில்லை, விளையாட்டுக்கு வைத்திருக்கும் மிஷினில் நானும் செய்வேன். இவர் கோப்பை நம்பி அடுத்த ஆள் ஸ்கிரீன் எடுத்துத் துணியில் அடிக்கிறார். அங்கே வோல்டேஜ் ஏற்றி விளிம்பில் நிறுத்துவதை நான் சொல்ல மாட்டேன்.

திருப்பூர்_செபரேஷன்

இரண்டையும் பார்த்துவிட்டேன். 3200-இல் tRFC 880 போட்டதும் பெரிய மாற்றம். முன்பு முதல் பாஸிலேயே வந்த சிவப்பு வரிகள் இப்போது பல பாஸ் போன பிறகுதான் ஒன்றிரண்டு வருகின்றன. முற்றிலும் நிற்கவில்லை. 2T-யும் போட்டேன், அப்போதும் ஒன்று வந்தது. வோல்டேஜைத் தொடவில்லை.

அடுத்து 2933-இல், அதே 16-18-18-36, 1.35 வோல்ட். tRFC எவ்வளவு என்று நானே கணக்குப் போட்டேன்: கிளாக் 1466.67, அதை 550 நானோ விநாடியால் பெருக்கினால் 807. பயாஸில் 810 போட்டேன். இரவு முழுக்க ஓடியது, பிழை இல்லை. அடுத்த இரவும் இல்லை.

காந்திபுரம்_பெஞ்ச்

கணக்கு சரி. மேல்நோக்கித் தள்ளிப் போட்டதும் சரி, tRFC கொஞ்சம் கூடினால் தெரியாத அளவு வேகம்தான் போகும். அப்படியே விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். பயாஸ் அப்டேட் செய்தாலோ, பேட்டரி போய் செட்டிங் அழிந்தாலோ, XMP-யை மறுபடி ஆன் செய்த கையோடு 560 திரும்ப வந்துவிடும். இந்த எண்களை எழுதி கேபினெட் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நாளைக்கு வேறு ஒருவர் கைவைத்தாலும் தெரியட்டும்.

கரூர்_ஏற்றுமதி

மிச்சம் வந்த அந்த ஒன்றிரண்டு பிழைக்குக் காரணம் சிபியூவில் இருக்கும் கன்ட்ரோலரா, பி450 போர்டின் வயரிங்கா? எங்கள் ஆபீஸிலும் இதே சிபியூதான், விலை கூடின போர்டில் வேறு வேறு நான்கு ஸ்டிக் 3200-இல் ஓடுகின்றன.

காந்திபுரம்_பெஞ்ச்

அதைச் சொல்ல, இதே நான்கு ஸ்டிக்கையும் இதே சிபியூவையும் வேறு போர்டில் போட்டுப் பார்க்க வேண்டும். போர்டு மேல் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். இரண்டு ஸ்டிக்குக்கு ஏற்றபடி வயர் இழுத்த போர்டுகளில் A1, B1 ஸ்லாட்டுகள்தான் முதலில் தடுமாறும்.

ஈரோடு_ஓவர்கிளாக்

நான் கன்ட்ரோலர் என்றுதான் சொல்வேன். ஒரே மாடல் சிபியூ இரண்டை ஒரே போர்டில் மாற்றிப் போட்டு, ஒன்று ஓடி இன்னொன்று விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சோமனூர்_தறி

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்டிக் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, நடுவில் காற்று போக இடமில்லை. சூடு ஏறினால் மின்னூட்டம் சீக்கிரம் கசியும். எல்லாச் சோதனையும் இரவில் ஓட்டியிருக்கிறார். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஃபேன் மட்டும் இருக்கிற ரூமில் ஒரு தடவை ஓட்டட்டும்.

காந்திபுரம்_பெஞ்ச்

நியாயமான பேச்சு. டிடிஆர்4 சிப் 85 டிகிரியைத் தாண்டினால், நிரப்பும் ஆணையை இரண்டு மடங்கு அடிக்கடி அனுப்ப வேண்டும் என்றே விதி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ராம் அவ்வளவு சூடாவது அபூர்வம். ஆனாலும் பகலில் ஒரு தடவை ஓட்டுவதில் நஷ்டம் இல்லை. பக்கவாட்டு மூடியை மூடி வைத்து, வழக்கமாக வேலை செய்யும் நிலையிலேயே ஓட்டுங்கள்.

திருப்பூர்_செபரேஷன்

செய்கிறேன். இன்னொரு கவலை. இடைப்பட்ட நாட்களில் சேமித்த கோப்புகள் ஏகப்பட்டது. எது நல்லது எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? திறந்து பார்த்தால் பாதி நன்றாகத்தான் தெரிகின்றன.

காந்திபுரம்_பெஞ்ச்

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். ராமில் கெட்டது கெட்டபடியே வட்டில் எழுதப்பட்டிருக்கும். வட்டைப் பொறுத்தவரை அது சரியான கோப்பு. chkdsk ஓட்டினால் ஒன்றும் சொல்லாது.

ராம் மாற்றுவதற்கு முன்பு எடுத்த பேக்கப் இருந்தால், அதற்குப் பிறகு தொடாத கோப்புகளை அதோடு ஒப்பிடலாம்:

```
Get-FileHash D:\order\design.tif
Get-FileHash F:\backup\design.tif
```

இரண்டு ஹாஷும் ஒன்றாக இருந்தால் கோப்பு சுத்தம். வேறாக இருந்தால் பேக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நாட்களில் புதிதாகச் செய்ததற்கு ஒப்பிட எதுவும் இல்லை. ஜிப்பாகக் கட்டியதைப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் கட்டும் முன்பே ராமில் கெட்டிருந்தால் ஜிப்பும் 'சரி' என்றுதான் சொல்லும். அச்சுக்குப் போகாத கோப்புகளை ஒவ்வொரு கலர் சேனலாக 100 சதவீதத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. அந்த நாட்களில் எடுத்த பேக்கப்பைப் பழைய பேக்கப் மேல் எழுதிவிடாதீர்கள்.

ஹாஷை வைத்து ராமைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சின்னக் கோப்பை ஐந்து தடவை ஹாஷ் போட்டு ஐந்தும் ஒன்று என்று நிம்மதி அடையக் கூடாது. முதல் தடவை படித்ததை விண்டோஸ் ராமிலேயே வைத்திருந்து அதையே திரும்பக் கொடுக்கும். ராம் அளவைவிடப் பெரிய கோப்பாக இருந்தால்தான் ஒவ்வொரு தடவையும் வட்டிலிருந்து புதிதாக வரும்.

பொள்ளாச்சி_பைபாஸ்

இவ்வளவு பாடு எதற்கு? நான்கையும் விற்றுவிட்டு 16 + 16 கிட் ஒன்று வாங்கிவிடலாமே.

காந்திபுரம்_பெஞ்ச்

புதிதாக வாங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். இரண்டு ஸ்டிக்கில் முடித்துக்கொள்வது எப்போதும் நல்லது. டிடிஆர்5-இல் இன்னும் கறார்: ரைசன் 7000-க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு போட்டால் 3600 என்றுதான் ஏஎம்டியே எழுதியிருக்கிறது. இவரிடம் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன, 2933-இல் பிழை இல்லாமல் ஓடுகின்றன. 3200-க்கும் 2933-க்கும் இடையே செபரேஷன் வேலையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வராது. பகல் சோதனையில் விழுந்தால் அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம்.

கோபி_டீச்சர்

என் வீட்டுக்காரர் சிஸ்டம் இன்டெல். அதில் ZenTimings ஓடவில்லை. tRFC எங்கே பார்ப்பது?

காந்திபுரம்_பெஞ்ச்

ZenTimings ரைசனுக்கு மட்டும்தான் டீச்சர். CPU-Z திறந்து Memory பக்கத்துக்குப் போங்கள். அங்கே tRFC என்று ஒரு வரி இருக்கும். எத்தனை ஸ்டிக், XMP ஆனா ஆஃபா என்பதையும் சேர்த்துப் போடுங்கள், பார்க்கலாம்.